அம்மாவுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை

அம்மா,

இங்கே புனேயில் மழை போய் லேசாகக் குளிர் ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் இன்னும் எழுந்திருக்கவில்லை. காபியை எடுத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். உடனே பதில் போட வேண்டும் என்று இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் சாயும்போது மெதுவாகப் படி. தட்டுவதற்குச் சிரமமாக இருந்தால் மைக்கை அழுத்திப் பேசி அனுப்பு, எனக்கு உன் குரல் கேட்ட மாதிரியும் இருக்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் போனில் நான் பேசிய விதம் சரியில்லை. மாத்திரை போட்டாயா, சர்க்கரை எவ்வளவு, கேஸை மூடினாயா, வாசல் கதவைப் பூட்டினாயா என்று அடுக்கிக்கொண்டே போனேன். நீயும் ஆமாம், ஆமாம் என்றாய். அப்புறம், "இந்த வயசில் எதற்கு இன்னும் ஜாக்கெட் தைக்கிறாய், கண் கெட்டுவிடும்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரிம்மா, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாய். அந்த "சரிம்மா" வாரம் முழுக்க என் காதிலேயே இருந்தது.

அந்த மிஷினை மிதித்துத்தான் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தாய். அதை விட்டுவிடு என்று சொல்ல நான் யார்? தீபாவளிக்கு முன்னால் நம் திண்ணையில் ஜாக்கெட் துணியும் அளவு ஜாக்கெட்டுமாகப் பெண்கள் வந்து உட்கார்ந்து பேசுவார்களே, அந்தச் சத்தம் உனக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள். தைக்கிற வரைக்கும் தை. இந்த வருஷம் எத்தனை ஜாக்கெட் வந்திருக்கிறது? யார் கடைசி நாளில் துணியைக் கொண்டுவந்து கெஞ்சுகிறார்கள்? எதிர்வீட்டு அக்கா இந்தத் தடவையும் கழுத்தை இறக்கி வை, ஏற்றி வை என்று இரண்டு தரம் மாற்றினார்களா?

பெரியவள் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். மே மாதம் வந்திருந்தபோது, ஹூக் கட்டவும் ஹெம்மிங் செய்யவும் உனக்கு உதவும் என்று இருபது ஊசியில் நூல் கோத்து, பழைய வேட்டித் துணியில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டு வந்தாளே, அதில் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று கேட்கிறாள். கறுப்பும் மெரூனும்தான் முதலில் தீரும் என்று அம்மாச்சி சொன்னாள், அதனால் அந்த இரண்டையும் அதிகமாகக் கோத்தேன் என்கிறாள். அடுத்த தடவை ஐம்பது ஊசி கோத்து வைப்பாளாம்.

இன்னொன்று, எனக்கு உன் உதவி வேண்டும். நேற்று அதிரசம் சுட்டுப் பார்த்தேன். எண்ணெயில் போட்டதும் பிரிந்து பிரிந்து போய்விட்டது. பாகு இளசாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், உருண்டு வந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் நீ இரண்டு விரலால் உருட்டி, கிண்ணத்தின் ஓரத்தில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பை அணைப்பாய். அந்த உருண்டை எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்? மாவு ஈரம் போதவில்லையோ என்றும் ஒரு சந்தேகம். அரிசியை நிழலில் எத்தனை நேரம் உலர்த்துவாய்? பக்கத்து வீட்டு ஆஜி பார்த்துவிட்டு, அவர்கள் ஊரில் அனர்சா என்று இதே மாதிரி செய்வோம் என்றார்கள். அரிசியை மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, மாவில் வெல்லத்தை அப்படியே போட்டுப் பிசைந்து வைத்துவிடுவார்களாம். பாகே கிடையாது! ஒரு பக்கம் கசகசா ஒற்றிச் சுடுகிறார்கள். உன் பக்குவத்தில் ஒரு தட்டாவது அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறது. இன்று சாயங்காலம் நீ ஓய்வாக இருந்தால் வீடியோ கால் போடு, வாணலியை அடுப்பில் வைத்துக்கொண்டு நீ சொல்லச் சொல்லச் செய்கிறேன்.

அண்ணன் சொன்ன கேமரா விஷயம். உன்னிடம் கேட்காமலே கூடத்தில் ஒன்று, கொல்லையில் ஒன்று என்று முடிவு செய்துவிட்டான். நேற்று அவனிடம் பேசினேன். அது உன் வீடு, நீ நடமாடுகிற இடம். உனக்குப் பிடிக்காவிட்டால் மாட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவனும் சரி என்றான். அவன் மேல் கோபப்படாதே, போன மழையில் இரண்டு நாள் கரண்டும் டவரும் இல்லாமல் உன்னைப் பிடிக்க முடியாமல் போனதே, அதிலிருந்து அவனுக்கு மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது. வாசலுக்கு மட்டும் ஒன்று இருந்தால் பரவாயில்லை என்று உனக்கே தோன்றினால் சொல், பார்க்கலாம். உன் விருப்பம்தான்.

எனக்கு அது தேவையும் இல்லை. நீ தினமும் காலையில் அனுப்புகிற பவழமல்லிப் படம் போதும். தட்டில் பொறுக்கி வைத்த பூவில் ஆரஞ்சுக் காம்பு தெரிகிறதைப் பார்த்ததும், எழுந்து கொல்லைக்குப் போய் வந்துவிட்டாள் என்று எனக்கு நிம்மதி ஆகிவிடும். அதற்காகக் கட்டாயம் என்று நினைத்து அனுப்பாதே. பூ இல்லாத நாளில் விட்டுவிடு.

கொல்லை என்றதும் ஞாபகம் வந்தது. போன ஐப்பசியில் கிணற்றடிப் படியில் பாசி பிடித்து நான் வழுக்கி விழுந்தேனே, முழங்கை இன்னும் குளிருக்கு வலிக்கிறது. அதனால் கேட்கிறேன், மாடி வீட்டுத் தம்பியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடச் சொல்லட்டுமா? நீயே ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் சரி, நான் தலையிடவில்லை.

துலா ஸ்நானத்துக்குப் போகிறாயா? இந்த மாதம் முழுக்கக் கங்கையும் மற்ற நதிகளும் நம்ம ஊர்க் காவிரிக்கு வருகின்றன என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைமுகத்தன்று அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு துலாக் கட்டத்தில் இறங்கியதும், நீ கரையில் மாற்றுத் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "பிள்ளை பத்திரம், பிள்ளை பத்திரம்" என்று கத்தியதும் அப்படியே கண்ணில் நிற்கிறது. இந்த வருஷம் படித்துறையில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது? மயூரநாதர் கோயில் பக்கம் கடைகள் போட்டுவிட்டார்களா?

டிக்கெட் போட்டுவிட்டேன் அம்மா. தீபாவளிக்கு வர முடியவில்லை, பிள்ளைகளுக்கு அப்போது பரீட்சை. கடைமுகத்துக்கே வந்துவிடப் பார்த்தேன், இடம் கிடைக்கவில்லை. மறுநாள் கார்த்திகை ஒன்றாம் தேதி விடியற்காலை வந்து சேருவேன். முடவன் முழுக்கு அன்று. நடக்க முடியாமல் ஒரு நாள் பிந்தி வந்தவனுக்கும் அதே பலன் கிடைத்தது என்று நீ கதை சொல்வாயே, அதை நம்பித்தான் வருகிறேன். நாலு நாள் இருப்பேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன். உனக்கு வந்து நிற்கத் தோன்றினால் வா, இறங்கியதும் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வேறு என்ன வேண்டும்?

உடம்பைப் பற்றி நீ சொல்ல நினைத்தால் சொல், எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன். டாக்டரிடம் போகிற அன்று துணை வேண்டுமென்றால் சித்தி பெண் லீவு போட்டு வருகிறேன் என்றாள்.

ஒரு பச்சை ஜாக்கெட் துணி வாங்கி வைத்திருக்கிறேன். வரும்போது கொண்டுவருகிறேன், எனக்குத் தைத்துக் கொடு. கை மட்டும் முழங்கை வரை வேண்டும். பழைய அளவு சரியாக வராது, வந்ததும் நீயே டேப் வைத்து எடுத்துக்கொள்.

சின்னவன் எழுந்துவிட்டான், பால் கேட்கிறான். சாயங்காலம் பார்க்கலாம் அம்மா.