முதல் மும்மாத ஸ்கிரீனிங் ரிப்போர்ட்: ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்த கணக்கு

பெயர்: மீனாட்சி, வயது 31 (பிரசவத் தேதியில் 32)
ஊர்: தேவகோட்டை. ஸ்கேன் செய்த இடம்: காரைக்குடி
கடைசி மாதவிடாய்: 2025 மார்ச் 16
ஸ்கேனும் ரத்தம் எடுத்ததும்: 2025 ஜூன் 12. ரிப்போர்ட்: 2025 ஜூன் 14
எடை 61 கிலோ, ரத்த அழுத்தம் 112/70, ரத்த வகை ஓ பாசிட்டிவ்
இரண்டாவது கர்ப்பம், ஒற்றைக் குழந்தை, இயற்கையாகத் தரித்தது. சர்க்கரை இல்லை, புகைப் பழக்கம் இல்லை. முதல் குழந்தை நலம். கணவர் அத்தை மகன்.

ஸ்கேனில் பார்த்தது

குழந்தையின் தலை முதல் பிட்டம் வரையான நீளம் 62 மி.மீ. அதாவது 12 வாரம் 4 நாள், உங்கள் மாதவிடாய்க் கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது. பிரசவத் தேதி 2025 டிசம்பர் 21. இதய வேகம் நிமிடத்துக்கு 158. கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் உள்ள நீர்ப்படலம், நாங்கள் என்டி என்று சொல்வது, 2.1 மி.மீ. இந்த நீளமுள்ள குழந்தைக்கு நடு அளவு ஒன்றரை மி.மீ. பக்கம் இருக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் இயல்பு எல்லைக்குள்தான் இருக்கிறது. மூக்கெலும்பு தெளிவாகத் தெரிகிறது. மண்டை ஓடு, வயிற்றுச் சுவர், இரைப்பை, சிறுநீர்ப்பை, கை கால் நான்கும் இந்த வயதில் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படித் தெரிகின்றன. நஞ்சுக்கொடி பின்பக்கச் சுவரில்.

ரத்தத்தில் வந்தது

ஃப்ரீ பீட்டா எச்சிஜி: 1.80 எம்ஓஎம்
பாப்-ஏ: 0.55 எம்ஓஎம்

இவை இரண்டும் நஞ்சுக்கொடியில் சுரந்து உங்கள் ரத்தத்தில் கலப்பவை. எம்ஓஎம் என்றால், இதே வாரத்தில் உள்ள கர்ப்பிணிகளின் நடு அளவை 1 என்று வைத்து, உங்கள் அளவு அதில் எத்தனை பங்கு என்று சொல்வது. எடை, சர்க்கரை நோய், புகை, ஐவிஎஃப் எல்லாவற்றுக்கும் தக்கபடி அதைத் திருத்திக்கொள்வார்கள், அதனால்தான் அன்றைக்கு அத்தனை கேள்விகள் கேட்டேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள கர்ப்பங்களில் பொதுவாக முதலாவது கூடும், இரண்டாவது குறையும். உங்களுக்கு இரண்டும் அந்தத் திசையில் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. ஆனால் ஆரோக்கியமான குழந்தையைச் சுமக்கும் ஏராளமான பெண்களுக்கும் இதே அளவுகள் வரும்.

கணக்கு

டவுன் சிண்ட்ரோம் (டிரைசோமி 21): வயதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 1:460. வயது, என்டி, மூக்கெலும்பு, ரத்தம் எல்லாம் சேர்த்தபின் 1:250
எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம் (டிரைசோமி 18): 1:7400
பட்டாவ் சிண்ட்ரோம் (டிரைசோமி 13): 1:20000-ஐவிடக் குறைவு
37 வாரத்துக்கு முன்பே வரக்கூடிய கர்ப்பகால ரத்த அழுத்தப் பிரச்சினை: 1:310. ஆஸ்பிரின் மாத்திரை தேவையில்லை.

லேப் தாளில் முதல் வரிக்கு எதிரே சிவப்பு எழுத்தில் "அதிக ரிஸ்க்" என்று அச்சாகியிருக்கிறது. அந்தத் தாளை வாட்ஸ்அப்பில் சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் கணவருக்கு அனுப்புவதற்கு முன்னால் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள், அவரும் படிக்கட்டும்.

1:250 என்பது உங்கள் குழந்தைக்கு நோய் இருக்கிறது என்ற முடிவு அல்ல. உங்கள் வயதும் இந்த ஸ்கேன் அளவும் இந்த ரத்த அளவும் உள்ள 250 கர்ப்பிணிகளை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்தால், அவர்களில் ஒருவர் சுமக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம், 249 பேரின் குழந்தைகளுக்கு இருக்காது. நூற்றுக்கு அரைப் பங்கு கூட இல்லை, 0.4 தான். அந்த ஒருவர் யார் என்று சொல்ல இந்தப் பரிசோதனையால் முடியாது. கூட்டத்தில் யாரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதோடு இதன் வேலை முடிந்தது.

சிவப்பு எழுத்து எப்படி வந்தது? இந்த லேப் 1:250-ஐ எல்லைக்கோடாக வைத்திருக்கிறது, நீங்கள் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். 1:260 என்று வந்திருந்தால் அதே இயந்திரம் பச்சை எழுத்தில் "குறைந்த ரிஸ்க்" என்று அச்சடித்திருக்கும், நீங்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பீர்கள், ஆனால் உண்மையான வித்தியாசம் 0.40-க்கும் 0.38-க்கும் இடையே உள்ளதுதான். கோட்டை எங்காவது ஓர் இடத்தில் போட்டாக வேண்டும், அதற்காகப் போட்டது. இந்த முறையில் டவுன் சிண்ட்ரோம் உள்ள கர்ப்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்குப் பிடிபடும், அதற்கு விலையாக ஆரோக்கியமான குழந்தையைச் சுமப்பவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குச் சிவப்பில் வருவார்கள். டவுன் சிண்ட்ரோம் அரிது என்பதால், சிவப்பில் வருபவர்களில் பெரும்பாலோர் அந்த ஐந்து பேர் வகைதான்.

அதற்காக "ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்" என்றும் நான் எழுத மாட்டேன். வயதுக்கு இருந்ததைவிட வாய்ப்பு கூடியிருக்கிறது என்பது நிஜம், அதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வழி இருக்கிறது.

அன்றைக்கு நீங்களும் அத்தையும் கேட்டவை

அத்தை மகனைக் கட்டியதால் வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்தால் கூடுவது வேறு வகை நோய்கள், அம்மா அப்பா இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருந்து அது குழந்தைக்குச் சேர்ந்து வருபவை. டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது 21-வது குரோமோசோம் சரியாகப் பிரியாமல் ஒன்று கூடுதலாக வந்துவிடுவதால் உண்டாவது. பப்பாளி, கிரகணம், பிள்ளையார்பட்டிக்கு பஸ்ஸில் போய் வந்தது, இவை எதற்கும் இதில் பங்கில்லை. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. அத்தைக்கு இதை வாசித்துக் காட்டுங்கள், வேண்டுமானால் நானே போனில் பேசுகிறேன்.

முதல் பிள்ளை நன்றாக இருப்பதால் இதுவும் நன்றாக இருக்கும் என்று அப்பத்தா சொன்னதை எடுத்துக்கொண்டு நிம்மதியடைவது நல்லதுதான், ஆனால் அது கணக்கைக் குறைக்காது.

அடுத்து என்ன

என் பரிந்துரை, முதலில் என்ஐபிடி. உங்கள் கையிலிருந்து எடுக்கும் ரத்தம்தான், குழந்தைக்கு எந்த ஆபத்தும் இல்லை. நஞ்சுக்கொடியிலிருந்து உங்கள் ரத்தத்தில் கலக்கும் டிஎன்ஏ துணுக்குகளை எண்ணிப் பார்ப்பார்கள். டவுன் சிண்ட்ரோமைப் பொறுத்தவரை நூற்றுக்கு 99 அளவுக்குப் பிடிக்கும், தவறாகச் சிவப்பில் வருவதும் மிகக் குறைவு. ரத்தத்தை காரைக்குடியிலேயே எடுத்துவிடலாம், ரிசல்ட் வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். எப்போதாவது டிஎன்ஏ போதவில்லை என்று திரும்பி வரும், அப்போது மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். இதுவும் ஸ்கிரீனிங்தான். பாசிட்டிவ் என்று வந்தாலும் குழந்தையைச் சுற்றியுள்ள நீரில் கொஞ்சம் எடுத்துப் பார்க்கும் ஆம்னியோ செய்து உறுதிசெய்யாமல் எந்த முடிவும் எடுக்கக்கூடாது, இதை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்க முடியாது, திட்டவட்டமாக இப்போதே தெரிய வேண்டும் என்றால் சிவிஎஸ், அதாவது ஊசி மூலம் நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுப்பது. உங்கள் தேதிக்கு இதற்கு ஜூன் 21 வரைதான் நேரம், மதுரைக்குப் போக வேண்டியிருக்கும். ஆம்னியோ என்றால் 16 வாரம், ஜூலை 6-க்குப் பிறகு. இரண்டிலும் கரு கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு, பழக்கமுள்ள கையால் செய்தால் இருநூறில் ஒன்றைவிடக் குறைவு. உங்கள் ரத்தம் பாசிட்டிவ் வகை என்பதால் அதற்கென்று தனி ஊசி போட வேண்டியதில்லை. என்டி 3.5 மி.மீ.-ஐத் தாண்டியிருந்தால் நானே நேராக ஊசிப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பேன், உங்களுக்கு 2.1 தான், அதனால்தான் முதலில் என்ஐபிடி என்கிறேன்.

மூன்றாவதாக, எந்தப் பரிசோதனையும் வேண்டாம், எப்படி இருந்தாலும் எங்கள் பிள்ளைதான் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்தால் அதுவும் முழு உரிமையுள்ள முடிவு. அதற்காக உங்களைப் பார்க்கும் விதம் இங்கே மாறாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் மெதுவாகக் கற்பார்கள், ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும், அதில் பெரும்பாலானவற்றை அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம். பள்ளிக்குப் போகிறார்கள், வேலைக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் கர்ப்பத்தைத் தொடர்வதா என்ற கேள்வி வந்தாலும் அதற்கு சட்டம் சொல்லும் வழிமுறை உண்டு, அதை உறுதியான ரிசல்ட் கையில் வந்தபின், அவசியம் வந்தால் மட்டும் உட்கார்ந்து பேசுவோம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஐந்தாம் மாத ஸ்கேனை விடவே கூடாது. உங்களுக்கு ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 3-க்குள் வருகிறது. ஆடி மாதம், அம்மா வீட்டில் இருப்பேன், ஆவணி பிறந்ததும் வருகிறேன் என்று தள்ளிப்போடாதீர்கள். இதயத்தின் நான்கு அறைகளையும் அப்போதுதான் நன்றாகப் பார்க்க முடியும், குரோமோசோம் சரியாக இருந்தாலும் அது பார்க்கப்பட வேண்டியது. பாப்-ஏ கொஞ்சம் தாழ்வாக இருப்பதால் (0.4-க்குக் கீழே போகவில்லை, அது ஆறுதல்) 32 வாரத்தில் வளர்ச்சி ஸ்கேன் ஒன்றும் குறித்துவைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை, ஜூன் 16 காலை பத்து மணிக்கு உங்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறது. கணவர் வீடியோ காலில் வரட்டும், சிங்கப்பூரில் அப்போது மதியம் பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரத்தில் அவரால் பேச முடியும் என்று சொன்னீர்கள். அன்றே முடிவு சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் சிவிஎஸ் தான் வேண்டுமென்றால் அன்றே சொல்லிவிடுங்கள், மதுரையில் நேரம் வாங்க வேண்டும். அதற்குள் ரத்தக் கசிவோ வயிற்று வலியோ வந்தால் திங்கள் வரை காத்திருக்காமல் உடனே வந்துவிடுங்கள்.

கர்ப்பிணியின் உறுதிமொழியும் படிவம் எஃப்-இல் கையெழுத்தும் பெறப்பட்டன. இந்த ஸ்கேனின்போது கருவின் பாலினத்தை நான் கண்டறியவும் இல்லை, யாருக்கும் எந்த விதத்திலும் தெரிவிக்கவும் இல்லை.

கருவளர் மருத்துவ நிபுணர்
காரைக்குடி, 2025 ஜூன் 14