பாப்பாவுக்கு முதல் முடிவெட்டு

வணக்கம் அக்கா, நாளைக் காலை 10 மணிக்கு என் மகளைக் கூட்டி வருகிறேன். ஒன்றரை வயது, இதுதான் அவளுக்கு முதல் முடிவெட்டு.

முன்முடி கண்ணில் விழுகிறது, அதைப் புருவத்துக்கு மேலே எடுத்துவிடுங்கள். பக்கங்களில் நுனி மட்டும் போதும். ஈரத்தில் நீளமாகத் தெரியும் முடி காய்ந்ததும் சுருண்டு மேலே ஏறிவிடுகிறது. அதனால் முடிந்தால் தண்ணீர் தெளிக்காமலே வெட்டுங்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். பிடரியில், வலது காதுக்குப் பின்னால் மோதிரம் மாதிரி ஒரு சுருள் இருக்கும். பால் குடிக்கும்போதெல்லாம் அதைத்தான் என் விரலில் சுற்றிக்கொண்டிருப்பேன். அதை நான் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். வேறு எதையும் தொடும் முன், அதன் அடியில் நூலால் கட்டிவிட்டு, கட்டுக்கும் தலைக்கும் நடுவில் வெட்டிக் கொடுங்கள். நூலும் சின்னக் காகித உறையும் நானே கொண்டு வருகிறேன். கீழே விழுந்து மற்ற முடியோடு கலந்துவிட்டால் எனக்குத் தாங்காது.

மெஷின் சத்தம் கேட்டால் பயந்து அழுவாள், கத்தரி மட்டும் போதும். என் மடியிலேயே உட்கார வைத்துக்கொள்கிறேன். பாதியில் அழுதால் அங்கேயே நிறுத்திவிடலாம், மீதியை இன்னொரு நாள் பார்த்துக்கொள்வோம். சரியா அக்கா?