60 லட்ச ரூபாய் டேர்ம் லோன் விண்ணப்பம்: அனுமதிக்க முடியாததன் விவரம்

திருப்பூர், 12.08.2025

வணக்கம் சார்,

இரண்டு நிட்டிங் மெஷின் வாங்க நீங்கள் கேட்ட 60 லட்ச ரூபாய் கடனை இப்போது அனுமதிக்க முடியவில்லை. உங்கள் சிபில் ஸ்கோரில் குறை இல்லை, தவணை எதுவும் தவறியதில்லை, யூனிட்டை நேரில் வந்து பார்த்தபோது மெஷின்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. பிரச்சினை எல்லாம் 2024-25 கணக்கில்தான் இருக்கிறது, அதனால் அதை விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் கரன்ட் ரேஷியோ. நடப்புச் சொத்து 146 லட்சம், நடப்புப் பொறுப்பு 123 லட்சம், அதனால் 1.19 என்று ஆடிட்டர் காட்டியிருக்கிறார். நாங்கள் எதிர்பார்ப்பது 1.33. ஆனால் அந்த 146-க்குள் வரவேண்டிய பாக்கி மட்டுமே 98 லட்சம், அதிலும் 31 லட்சம் ஒரே பார்ட்டியிடம் ஆறு மாதத்துக்கும் மேலாக நிற்கிறது. இவ்வளவு பழைய பில்லை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை, அதைக் கழித்தால் ரேஷியோ 0.93. அதாவது ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டியதைவிடக் கைக்கு வரப்போவது குறைவு. நூல் மில்லுக்கு 79 நாளில் பணம் கட்டும் நீங்கள், விற்ற துணிக்குப் பணம் வாங்க 99 நாள் காத்திருக்கிறீர்கள், நடுவில் விழும் இடைவெளியை, லிமிட்வரை எடுத்துப் புழங்கும் சிசி கடன் கணக்குதான் தாங்குகிறது. 50 லட்ச லிமிட்டில் மார்ச் கடைசியில் 49 லட்சம் எடுக்கப்பட்டிருந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பணப்புழக்கம். லாபம் 9 லட்சம், தேய்மானம் 11, டேர்ம் லோன் வட்டி 5, ஆக 25 லட்சம். காகிதத்தில் இது போதும், ஏனென்றால் இப்போதுள்ள கடன்களுக்கு வட்டியோடு வருடத்துக்கு 19 லட்சம்தான். ஆனால் அதே வருடத்தில் பாக்கி 28 லட்சம் கூடியது, சரக்கு இருப்பு 6 லட்சம் கூடியது, சப்ளையர்களுக்குத் தரவேண்டியது 8 லட்சம் மட்டுமே கூடியது. இதையெல்லாம் சேர்த்துக் கழித்தால் தொழிலிலிருந்து கைக்கு வந்தது மைனஸ் 1 லட்சம். அப்படியென்றால் 19 லட்சம் தவணை எங்கிருந்து கட்டினீர்கள்? அந்த வருடம் உறவினர்களிடம் வாங்கிய 25 லட்சத்திலிருந்துதான். ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியதை நான் மதிக்கிறேன், ஆனால் அதைத் தொழில் கட்டவில்லை, குடும்பம் கட்டியிருக்கிறது.

புதிய கடன் வந்தால் வருடத் தவணை 37 லட்சமாகும். மெஷின்கள் கூடுதலாக 22 லட்சம் தரும் என்று ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இருக்கிறது, ஆனால் அதற்கு ஆர்டர் கடிதம் பாதிக்குத்தான் இருக்கிறது, அதனால் 11 லட்சம்தான் எடுத்துக்கொண்டேன். 25-உம் 11-உம் சேர்த்து 36, கட்ட வேண்டியது 37. வரும் பணம் தவணைக்கு எத்தனை மடங்கு என்று காட்டும் டிஎஸ்சிஆர் 0.97, எங்கள் கிளையில் குறைந்தது 1.25 கேட்கிறோம்.

சொத்து ஈடு கொடுக்கிறேனே என்று நேரில் கேட்டீர்கள். கடன் திரும்புவது தொழிலில் வரும் பணத்திலிருந்துதான், வீட்டை விற்று வசூலிக்க நேரும் என்று தெரிந்தே ஒரு கடனைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் சொந்த மூலதனம் 38 லட்சம், வெளிக்கடன் 189 லட்சம், கிட்டத்தட்ட 5 மடங்கு (நாங்கள் 3-க்குள் பார்க்கிறோம்). அந்த 31 லட்சம் வராமலே போனால் மூலதனத்தில் 7 லட்சம்தான் மிஞ்சும்.

அதனால் முதல் வேலை அந்த 31 லட்சம். உங்களுக்கு உத்யம் பதிவு இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 2006-இன்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கான அரசு போர்ட்டலில் புகார் கொடுக்கலாம். பழகிய பார்ட்டி, எப்படிச் செய்வது என்று தயங்குவது எனக்குப் புரிகிறது, முதலில் ஒரு நோட்டீஸாவது அனுப்புங்கள்.

அப்புறம், உறவினர்கள் தந்த 25 லட்சத்தை எங்கள் கடன் முடியும்வரை திரும்ப எடுக்க மாட்டோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் அதை மூலதனமாகவே எடுத்துக்கொள்ளலாம், வெளிக்கடன் 5 மடங்கிலிருந்து 2.6-க்கு இறங்கிவிடும். பழைய கடன் ஒன்று 2026 ஜூனில் முடிகிறது, வருடத்துக்கு 6 லட்சம் மிச்சமாகும். அதற்குப் பிறகு ஒரே ஒரு மெஷினுக்கு 30 லட்சம் என்று கேட்டால் டிஎஸ்சிஆர் 1.39 வருகிறது, நானே போட்டுப் பார்த்தேன். பழைய பாக்கியும் அதற்குள் வசூலாகியிருந்தால் அந்த ஃபைலை நான் பரிந்துரைப்பேன்.

இந்த முடிவில் உடன்பாடு இல்லையென்றால் மறுபரிசீலனை கேட்டுக் கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த அசல் பத்திரங்கள் பத்திரமாக இருக்கின்றன, அடையாள அட்டையோடு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கடன் அதிகாரி
சிறுதொழில் கடன் பிரிவு