செப்டம்பர் முதல் பங்குனி வரை புதிய பாடம் வராது

அன்புள்ள அக்காமார்களே, அண்ணன்மார்களே, தம்பி தங்கைகளே,

வணக்கம். ஆகஸ்ட் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வரப்போகும் பாடம்தான் இந்த ஆண்டின் இறுதிப் பாடம். அதன்பின் அடுத்த பங்குனி உத்திரம் கழியும்வரை என் குரலில் புதிய பதிவு எதுவும் வராது. சனிக்கிழமை நேரலை வகுப்பும் நிற்கிறது. புரட்டாசி, கந்த சஷ்டி, தைப்பூசம் எல்லாமே இந்த இடைவெளிக்குள் வந்துவிடுகின்றன. காவடிக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே "புதுப் பாட்டு எப்போது டீச்சர்?" என்று கேட்கத் தொடங்கிவிடுவீர்கள். அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் சொல்லி வைக்கிறேன்.

காரணத்தை மறைக்க வேண்டியதில்லை. குரல் நாண்கள் இரண்டிலும், அவை ஒன்றோடொன்று உரசும் இடத்தில், சிறிய முடிச்சுகள் வந்திருக்கின்றன. பாடுகிறவர்களுக்கும் பள்ளியில் கத்திப் பாடம் நடத்துகிறவர்களுக்கும் வருகிற சாதாரண உபாதைதான். நான் இரண்டு கூட்டத்திலும் சேர்ந்தவள். புற்று இல்லை, அறுவை சிகிச்சையும் இப்போதைக்கு இல்லை. முதலில் முழு மௌனம், பிறகு பேச்சுப் பயிற்சி, அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் பாட்டு என்று மருத்துவர் வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறார். கிசுகிசுத்துப் பேசவும் கூடாதாம், அதுவும் நாண்களை இறுக்குமாம். வீட்டில் இப்போதே சிறு பலகை ஒன்றில் எழுதிக் காட்டிப் பழகுகிறேன். வீட்டுக்காரர் சற்று அதிகமாகவே மகிழ்ச்சியாக இருப்பதுபோல் தெரிகிறது.

பனங்கற்கண்டு, மிளகுப் பால், சித்தரத்தை என்று மருந்து சொல்லி எழுத வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். விழுங்குவது எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை. அது போகிற வழி வேறு. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள், குடிக்கிறேன். ஆவி பிடிக்கிறேன். போதும்.

இனி, எவையெல்லாம் தொடரும் என்று சொல்கிறேன்.

ஏற்கெனவே பதிவான பாடங்கள் அனைத்தும் திறந்தே இருக்கும். தேவாரம், திருவாசகம், திருப்புகழ், மாரியம்மன் தாலாட்டு, கூழ் ஊற்றும் நாளில் பாடுபவை எதையும் நீக்கப்போவதில்லை. செப்டம்பர் முதல் அவை சந்தா இல்லாதவர்களுக்கும் கேட்கும். பணம் வாங்காத மாதங்களில் பூட்டுப் போட்டு வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் பாடத்துக்குப் பதிலாக எழுத்தில் ஒரு தாள் வரும். ஒரு பதிகம் அல்லது ஒரு திருப்புகழ், பெரிய எழுத்தில், சீர் பிரித்து, கீழே பதவுரை, பண் அல்லது சந்தம், எங்கே மூச்சு எடுக்கலாம் என்ற குறி. என் கை நன்றாகத்தான் இருக்கிறது, ஆகவே இது தவறாது.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு மவுண்ட் எட்ஜ்கம்பில் ஒரு பஜனைக் குழு பாடக் கேட்டேன். சுருதி சேர்ந்திருந்தது, தாளம் நின்றது, மனம் குளிர்ந்தது. ஆனால் ஒவ்வோர் அடியிலும் நான் பதிவில் மூச்சு வாங்கும் அதே இடத்தில் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். ஓர் இடத்தில் சொல்லின் நடுவே நின்றார்கள், ஏனென்றால் அந்தப் பதிவன்று எனக்கு ஜலதோஷம். நீங்கள் பாட்டைக் கற்றிருக்கிறீர்கள், அதோடு என்னையும் சேர்த்துக் கற்றுவிட்டீர்கள். குரு வாயிலாகக் கேட்டுப் பாடுவது நம் வழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கும் குரல் நின்றுபோனால் பாட்டும் நின்றுபோகும் என்ற நிலை நல்லதில்லை. இந்த ஏழு மாதமும் தாளைப் பார்த்துப் பாடுங்கள்.

தாள் என்றால் தமிழ் எழுத்தில் உள்ள தாள். ஆங்கில எழுத்தில் அச்சிட்ட பாட்டுப் புத்தகங்கள்தாம் டர்பனில் தமிழ் தெரியாத இரண்டு தலைமுறையைப் பாட வைத்தன. அவற்றின்மேல் எனக்கு நன்றி உண்டு. திருப்புகழில் மட்டும் அவை கைவிட்டுவிடும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, புள்ளி வைத்த மெய்க்கு அரை. அருணகிரியாரின் சந்தம் முழுக்க இந்தக் கணக்கின்மேல் நிற்கிறது. அதோடு வல்லினமும் மெல்லினமும் எங்கே வரவேண்டும் என்ற கட்டும் உண்டு. ஆங்கில எழுத்தில் குறில் நெடில் கலந்துபோகிறது, தகரமும் டகரமும் ஒன்றாகிவிடுகின்றன, தாளக்காரர் எங்கே தட்டுவது என்று தடுமாறுகிறார். தவறு தாளக்காரரிடம் இல்லை.

எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள் தாண்டகத்தில் தொடங்கலாம். ஆறாம் திருமுறை முழுவதும் அப்பர் பாடிய தாண்டகம். அதற்குப் பண் வகுக்கப்படவில்லை, தாளமும் இல்லாமல் சுத்தாங்கமாகப் பாடுவதே மரபு. தாளம் துரத்தாததால் நின்று, நிதானித்து, எழுத்தைப் பார்த்துப் போகலாம். பொருள் முடியும் இடத்தில் மூச்சும் தானாக முடியும். அது கைவந்த பிறகு ஐந்தாம் திருமுறையின் குறுந்தொகைக்கு வாருங்கள். சிறிய அடிகள், எளிய சொற்கள். பண்ணோடு கூடிய பதிகங்களுக்குப் பழைய பதிவுகளே போதும். மேகராகக் குறிஞ்சியை நீலாம்பரியிலும் கௌசிகத்தைப் பைரவியிலும் பாடியிருக்கிறேன், கேட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். செப்டம்பர், அக்டோபர் தாள்கள் எல்லாமே தாண்டகம்தான். தைப்பூசத்துக்கான திருப்புகழ்கள் டிசம்பரில் தொடங்கும். அவசரப்பட்டு முன்கூட்டிக் கேட்காதீர்கள்.

குரல் குறிப்பு அனுப்பி உச்சரிப்பைத் திருத்திக்கொள்கிறவர்கள் தொடர்ந்து அனுப்பலாம். ஓய்வு தொண்டைக்குத்தான், காதுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கேட்பேன், எழுதிப் பதில் அனுப்புவேன். ஒருவர் வாரத்துக்கு ஒரு பாட்டு என்று வைத்துக்கொள்வோம். லெனேசியாவிலிருந்து ஒரு தம்பி ஒரே இரவில் ஒரு பதிகத்தின் எல்லாப் பாடல்களையும் தனித்தனியாக அனுப்பியதை நான் இன்னும் மறக்கவில்லை. பாடிக் காட்டித் திருத்த வேண்டிய இடம் வந்தால் என் மூத்த மாணவிகள் இருவர் பாடி அனுப்புவார்கள். அவர்கள் பிடி என் பிடியிலிருந்து சற்று வேறாக இருக்கும். அப்படி இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

ஞாயிறு மாலை சாட்ஸ்வொர்த் கூட்டுப் பாராயணம் வழக்கம்போல் நடக்கும். நானும் வருவேன், கடைசி வரிசையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேச்சுக் கொடுக்காதீர்கள், தலையாட்டுவேன். டோங்காட்டிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உள்ளவர்கள் உங்கள் கோவிலிலேயே இப்படி ஒன்று தொடங்க விரும்பினால் தாள்களை அச்சிட்டுக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இந்த ஓய்வில் நான் உட்கார்ந்து செய்ய ஆசைப்படும் வேலை ஒன்று இருக்கிறது. அது உங்கள் வீட்டு நோட்டுப் புத்தகங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைக்கு வந்தது. அன்று தொடங்கி 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் பாட்டை நெஞ்சில் கொண்டுவந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதைக் கையால் எழுதி வைத்தார்கள். 1960களில் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குக் குடும்பங்களைப் பெயர்த்தபோது பல வீடுகளில் நோட்டு தொலைந்தது. சில வீடுகளில் சாமி அறை அலமாரியில் இன்னும் இருக்கிறது. ஆயாவின் கையெழுத்தில் பாட்டு, பக்கத்தில் பிள்ளை பிறந்த நாழிகை, கடைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. அச்சுப் புத்தகத்தில் இல்லாத மாரியம்மன் பாட்டுகள் அவற்றில் கிடைக்கின்றன.

அவற்றைப் படம் எடுத்து அனுப்புங்கள். நோட்டை எனக்குக் கொடுத்துவிட வேண்டாம், அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ஜன்னல் அருகே பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஒரு பக்கத்துக்கு ஒரு படம், காலிப் பக்கங்களையும் விடாமல். கிழிந்த தாளைப் பசை டேப் போட்டு ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் டேப் பழுத்து எழுத்தையும் கறையாக்கிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதும் வேண்டாம். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள். வரும் படங்களைப் பிரித்து, பாட்டை எழுத்தெழுத்தாகப் படியெடுத்து, மாதம் ஒரு நோட்டாக உங்களுக்கே அனுப்புவேன். எந்த வீட்டுடையது என்பதை நீங்கள் சம்மதித்தால் மட்டும் போடுவேன். வாசிக்க முடியாத கையெழுத்து வந்தால் எல்லோருக்கும் அனுப்பி உதவி கேட்பேன்.

பணத்தைப் பற்றி. மாதம் அறுபது ராண்ட் டெபிட் ஆர்டர் செப்டம்பர் முதல் நிறுத்தப்படுகிறது. நீங்கள் வங்கியில் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு ஏழு மாதம் தானாகக் கூடும். திரும்ப வேண்டுமென்றால் மீதித் தொகையைத் திருப்பி அனுப்புகிறேன், காரணம் சொல்ல வேண்டாம். "பாவம் டீச்சர்" என்று யாரும் தனியாகப் பணம் போடாதீர்கள். மொரீஷியஸ் அண்ணன் ஒருவர் கேள்விப்பட்டதும் போட்டுவிட்டார், வந்த வழியே திருப்பி அனுப்பியாயிற்று. பதிவுகளைச் சேமித்து வைக்கும் செலவுக்குக் கையிருப்பு போதும்.

திரும்பி வருவேனா என்று கேட்பவர்களுக்கு: வருவதாகத்தான் எண்ணம். எந்தக் குரலோடு என்பது மாசி மாதம் மருத்துவர் மீண்டும் பார்த்த பிறகே தெரியும். சுருதி ஒரு கட்டை இறங்கியிருக்கலாம். அப்படியானால் இறங்கிய சுருதியில் பாடுவோம், உங்களில் ஆண்களுக்கு வசதியாகத்தான் இருக்கும். மாசியில் ஒரு கடிதம் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தின் ஆங்கில வடிவம் நாளைக் காலை தனியே வரும். தமிழ் வாசிக்கத் தொடங்கியவர்கள் அதற்கு முன் இதை ஒருமுறை முயன்று பாருங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் யாருடைய கணக்கிலாவது அறுபது ராண்ட் பிடிக்கப்பட்டிருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள், தொலைபேசியில் கூப்பிட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பாட்டு டீச்சர்
சாட்ஸ்வொர்த், டர்பன்