பவர் பேங்க்குகளைத் திரும்பப் பெறுகிறோம்: தவறு எங்களுடையது

பத்திரிகை அறிக்கை
மே 5

எங்கள் நிறுவனம் தயாரித்து விற்ற 20,000 மில்லி ஆம்பியர் மணி திறனுள்ள பவர் பேங்க்குகளில், 2431 முதல் 2438 வரையிலான தொகுப்பு எண்களைக் கொண்ட 38,640 கருவிகள், சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகி உப்பக்கூடியவை; தீப்பற்றவும் கூடியவை. கருவியின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள வரிசை எண்ணின் முதல் நான்கு இலக்கங்களே தொகுப்பு எண். உங்களிடம் இருப்பது இந்தத் தொகுப்புகளில் ஒன்று என்றால், அது இதுவரை நன்றாக வேலை செய்திருந்தாலும், தயவுசெய்து இந்த நிமிடத்திலிருந்து அதைச் சார்ஜ் செய்யவோ பயன்படுத்தவோ வேண்டாம்.

அதை வெயில் படாத இடத்தில், கல் அல்லது ஓடு பதித்த தரையின் மேல், துணி, காகிதம், மெத்தை போன்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். உப்பியிருந்தால் அழுத்தவோ துளையிடவோ பிரிக்கவோ கூடாது. வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்பக் கூடாது. குறையுள்ளது என்று அறிவிக்கப்பட்ட லித்தியம் பேட்டரியை விமானத்தில் கைப்பையில்கூடக் கொண்டு செல்லக் கூடாது. புகையோ சீறும் ஒலியோ வந்தால் கருவியைக் கையால் எடுக்க முயலாமல் எல்லோரும் அறையை விட்டு வெளியேறி, தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

இதுவரை 27 புகார்கள் எங்களுக்கு வந்துள்ளன. 19 கருவிகள் உப்பியிருந்தன. 6 கருவிகள் தொட முடியாத அளவுக்குச் சூடாயின. 2 கருவிகள் தீப்பற்றி எரிந்தன. ஏப்ரல் 11 அன்று நடந்த இரண்டாவது தீ விபத்தில் வாடிக்கையாளர் ஒருவருக்குக் கையில் தீக்காயம் ஏற்பட்டது. அவரை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டோம். அவருடைய மருத்துவச் செலவு முழுவதையும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமானத்தையும் ஏற்றுக்கொண்டுள்ளோம். அதனால் அவருடைய வலிக்கு ஈடு செய்துவிட்டதாக நாங்கள் கருதவில்லை.

குறை எப்படி வந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. லித்தியம் அயனி பேட்டரியின் வெப்பநிலை சுமார் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சார்ஜ் ஏறுவது தானாக நிற்க வேண்டும். அந்த வெப்பத்தை அளக்கும் சிறிய உணரி, பேட்டரியின் உடலோடு ஒட்டியிருந்தால்தான் சரியாக அளக்கும். இந்த எட்டுத் தொகுப்புகளில், உணரியைப் பொருத்த அதுவரை பயன்படுத்திய வெப்பம் கடத்தும் பசையை நிறுத்திவிட்டு, சாதாரண ஒட்டுநாடாவுக்கு மாறினோம். பலமுறை சூடாகி ஆறிய பிறகு அந்த நாடா தளர்ந்து உணரி மேலெழுந்துவிடுகிறது. அப்போது அது பேட்டரியின் சூட்டை அளக்காமல் உள்ளிருக்கும் காற்றின் சூட்டையே அளக்கிறது. பேட்டரி கொதித்துக்கொண்டிருக்கும்போதும் எல்லாம் சரியாக இருப்பதாகவே மின்சுற்று கருதி, தொடர்ந்து சார்ஜ் ஏற்றுகிறது. சூட்டில் உள்ளிருக்கும் மின்பகுளி சிதைந்து வாயுவாவதால் பேட்டரி உப்புகிறது. சூடு மேலும் ஏறி, நேர்மின், எதிர்மின் தகடுகளைப் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் உருகிச் சிதைந்துவிட்டால், உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டுத் தீப்பற்றுகிறது.

எரிந்துபோன இரண்டு கருவிகளிலும் உணரியின் நிலையைச் சரிபார்க்க இயலவில்லை. ஆயினும் அந்தச் சந்தேகத்தின் பலனை எங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இரண்டையும் எங்கள் குறையால் நேர்ந்தவை என்றே ஏற்கிறோம்.

நாடாவுக்கு மாறும் முடிவு எங்களுடையது. ஒவ்வொரு கருவியையும் பொருத்தி முடிக்கும் நேரத்தைக் குறைப்பதற்காக அந்த மாற்றத்தைச் செய்தோம். நாடாவை வழங்கிய நிறுவனம் நாங்கள் கேட்ட பொருளைத்தான் கொடுத்தது. தொழிலாளர்கள் நாங்கள் கொடுத்த செயல்முறையைத்தான் பின்பற்றினார்கள். மாற்றத்துக்குப் பின் 10 புதிய கருவிகளை மட்டும், குளிரூட்டப்பட்ட ஆய்வறையில் சோதித்துவிட்டு ஒப்புதல் அளித்தோம். நூறு முறை சார்ஜ் செய்த பிறகு நாடா என்ன ஆகும் என்பதை நாங்கள் சோதிக்கவே இல்லை. பயன்படுத்துவோர் வெப்பமான அறையில், தலையணைக்கு அருகில், இரவு முழுதும் சார்ஜ் போடுவார்கள் என்பது பவர் பேங்க் தயாரிக்கும் எவருக்கும் தெரிந்ததே.

இந்தக் குறையைவிட எங்களை அதிகம் தலைகுனிய வைப்பது அதற்குப் பிறகு நாங்கள் நடந்துகொண்ட விதம். முதல் புகார் மார்ச் 3 அன்று வந்தது. அடுத்தடுத்து எழுதிய 11 பேருக்கும், சரியான சார்ஜரைப் பயன்படுத்தும்படி ஒரே பதிலை அனுப்பினோம். மார்ச் 19 அன்று, திரும்பி வந்த இரண்டு கருவிகளைப் பிரித்துப் பார்த்த எங்கள் சேவைப் பொறியாளர் ஒருவர், உணரி தளர்ந்திருப்பதைப் படத்துடன் எழுதி, விற்பனையை நிறுத்தப் பரிந்துரைத்தார். இரண்டு கருவிகளை வைத்து முடிவெடுக்க முடியாது என்று நிர்வாகக் குழு அதை ஒத்திவைத்தது. விற்பனையை நிறுத்தியது ஏப்ரல் 24 அன்றுதான். இடைப்பட்ட 36 நாட்களில் மேலும் 4,170 கருவிகளை விற்றோம். மார்ச் 19 அன்றே எச்சரித்திருந்தால் ஏப்ரல் 11 விபத்தைத் தவிர்த்திருக்க முடியும். அந்த விபத்து நடந்து மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 14 அன்று, வேறு நிறுவனங்களின் சார்ஜர்களே காரணம் என்று ஊடகங்களுக்கு அறிக்கை கொடுத்தோம். அது உண்மையல்ல. அந்த அறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம்; அதை வெளியிட்ட ஊடகங்கள் இந்தத் திருத்தத்தையும் வெளியிட வேண்டுகிறோம். புகார் செய்தவர்கள் சொன்னது சரி. நாங்கள் அவர்களை நம்பாதது தவறு. ஒத்திவைப்பு முடிவில் கையெழுத்திட்டவன் நான்.

பாதிக்கப்பட்ட கருவி வைத்திருக்கும் எல்லோருக்கும், அவர்கள் விருப்பப்படி, செலுத்திய முழுத் தொகையோ பழைய பசை முறையில் செய்த மாற்றுக் கருவியோ தரப்படும். ரசீது தேவையில்லை, உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் பரவாயில்லை, பயன்படுத்திய கருவி என்று எதுவும் கழிக்கப்படாது. கருவியின் பின்புறம் உள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால், தீத்தடுப்புப் பெட்டியுடன் எங்கள் ஊழியர் வீட்டுக்கே வந்து பெற்றுக்கொள்வார், செலவு எங்களுடையது. முன்பே குப்பையில் போட்டுவிட்டவர்களும் படமோ வாங்கிய விவரமோ காட்டினால் போதும். போன், மேசை, சுவர் என எது சேதமாகியிருந்தாலும் தனியாக ஈடு செய்வோம். இவற்றைப் பெற்றுக்கொள்வதால் சட்டப்படி வழக்குத் தொடரும் உங்கள் உரிமை பறிபோகாது. எதையும் வெளியே சொல்லக் கூடாது என்று எவரிடமும் கையொப்பம் வாங்க மாட்டோம்.

மார்ச் 19 குறிப்பு, சோதனை முடிவுகள், புகார்களுக்கு நாங்கள் அனுப்பிய பதில்கள் ஆகிய அனைத்தையும் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகளிடம் ஒப்படைத்துள்ளோம். வெளி ஆய்வகம் ஒன்று, மற்ற தொகுப்புகளையும் பலமுறை சார்ஜ் செய்து சோதித்து வருகிறது. முடிவு எங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் திருத்தாமல் வெளியிடப்படும். இனி, பாதுகாப்பு காரணமாக விற்பனையை நிறுத்தும் அதிகாரம் சேவைப் பிரிவுப் பொறியாளர்களிடமே இருக்கும். அதை மாற்ற நிர்வாகக் குழுவால் இயலாது. எத்தனை கருவிகள் திரும்பி வந்தன, எத்தனை இன்னும் வீடுகளில் உள்ளன என்ற கணக்கை, கடைசிக் கருவி வந்து சேரும்வரை, இரு வாரத்துக்கு ஒருமுறை அறிவிப்போம்.

மேலாண்மை இயக்குநர்