உங்கள் கல்யாணப் பாய் இன்னும் வந்து சேராதது பற்றி – ஆர்டர் எண் 1147

அன்புள்ள சரோஜா அம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி 23, வெள்ளிக்கிழமை உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டிய பாய் இன்று 28 ஆகியும் வரவில்லை. முகூர்த்தத்துக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது. பத்திரிகை வைக்கவும் மண்டபத்துக்கும் சமையல்காரரிடமும் அலையவுமே நேரம் போதாத இந்த வாரத்தில், பாயைப் பற்றிய கவலையையும் உங்கள் தலையில் ஏற்றிவிட்டோம். மனதார மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொன்றுக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும். 24ஆம் தேதி நீங்கள் கூப்பிட்டபோது "திங்கட்கிழமை கண்டிப்பா வந்துரும்மா" என்று சொன்னது நான்தான். அது கூரியர் அலுவலகம் தந்த தேதி இல்லை. உங்கள் குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று நானாகச் சொன்னது. அன்றைக்குக் குடியரசு தின விடுமுறை என்பதுகூட அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. திங்கள் முழுக்க வெளியே எங்கும் போகாமல் காத்திருந்ததாக நேற்று சொன்னீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன்.

ஜனவரி 19 பிற்பகல் பாயைச் சுருட்டி, மேலே தார்ப்பாயும் கோணியும் சுற்றித் தைத்து, திருநெல்வேலியில் கூரியரில் கொடுத்தோம். ரசீதின் படத்தை இதோடு இணைத்திருக்கிறேன். 21ஆம் தேதி இரவு அது மதுரை கிடங்குக்கு வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. உங்கள் போனில் பார்த்தால் தெரிகிற "In Transit" என்பதுதான் எங்களுக்கும் தெரிகிறது. பாய் கோவைப் பக்கம் கிளம்பிவிட்டதா, மதுரையிலேயே கிடக்கிறதா, வேறு ஊர் வண்டியில் மாறி ஏறிவிட்டதா என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஏன் நின்றது என்பதும் தெரியவில்லை. போனில் ஒருவர் வண்டி பழுது என்றார். இன்னொருவர், பார்சல் ஆறடிக்கு மேல் நீளம், சாதாரண மூட்டைகளோடு போகாது, தனி வண்டி வர வேண்டும் என்றார். நேற்றுக் காலை நானே திருநெல்வேலி அலுவலகத்துக்குப் போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே இருந்தவருக்கு இந்த இரண்டு காரணமுமே தெரியவில்லை. பொங்கல் நெரிசல் என்று ஒரு வரி எழுதி முடித்துவிடலாம், எல்லோரும் நம்பவும் செய்வார்கள். ஆனால் யாரும் எனக்கு அப்படி எழுதித் தராதபோது உங்களிடம் அதைக் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்தில் புகார் கொடுத்து, அதன் எண்ணை வாங்கி வந்திருக்கிறேன். மதுரை கிடங்கில் நேரில் தேடச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை.

எனவே புதுத் தேதி எதுவும் இப்போது என்னிடம் இல்லை. பாய் எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் தேதி சொல்வேன்.

இது கடையில் வேறொன்று வாங்கிச் சமாளிக்கிற பொருள் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். மணமக்கள் பெயரும் முகூர்த்த நாளும் நெய்த பாய். இந்த மாதிரி மெல்லிசான பாய்க்கு, கோரையை நாராகக் கீறி, ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, காயவைத்து, சாயம் ஏற்றி, பிறகுதான் தறிக்கே வரும். அதே நெருக்கத்தில் இன்னொன்றை பத்து நாளில் நெய்ய எங்கள் ஊரில் யாராலும் முடியாது. முடியும் என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

ஆனால் உங்கள் பாய்க்குச் சாயம் ஏற்றியதில் அரக்குச் சிவப்பும் பச்சையும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பெயர்களை எழுத்து எழுத்தாகக் கட்டம் போட்டு வரைந்த காகிதமும் தறிக்குப் பக்கத்துச் சுவரில் அப்படியே ஒட்டியிருக்கிறது. உங்களிடம் கேட்காமலே நேற்று மாலை இன்னொரு பாய்க்குப் பாவு கட்டச் சொல்லிவிட்டேன். முதல் பாயை நெய்த அக்காவேதான் இதையும் நெய்கிறார். நெருக்கம் குறைவாகத்தான் இருக்கும். கையில் தொட்டால் வித்தியாசம் தெரியும், பட்டு மாதிரி மடியாது. பெயரும் தேதியும் மட்டும் அதே எழுத்தில், அதே இடத்தில் வரும். பிப்ரவரி 4க்குள் முடிக்கப் பார்க்கிறேன் என்கிறார். முடிந்தால் அதைக் கூரியரில் போட மாட்டோம். எங்களில் ஒருவர் இரவு ரயிலில் கையோடு கொண்டுவந்து கோவையில் உங்கள் வீட்டில் கொடுப்பார். இதற்கு நீங்கள் ஒரு ரூபாயும் தர வேண்டாம். பிறகு முதல் பாய் வந்து சேர்ந்தாலும் இரண்டும் உங்களுடையதுதான்.

பணத்தைப் பற்றி. அனுப்பும் செலவு என்று வாங்கிய 450 ரூபாயை இன்று காலை உங்கள் கணக்குக்கே திருப்பி அனுப்பிவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் முதல் பாய் வராவிட்டால் அதன் விலை 8,500 ரூபாயும் முழுதாகத் திரும்பி வரும். நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அது எங்கள் குழுவில் முன்பே உள்ள முறை. அதற்கு மேல், இத்தனை அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் என்ன செய்யப்போகிறோம் என்பது இன்னும் முடிவாகவில்லை. நான் அனுப்பும் வேலையைப் பார்ப்பவள். பணம் குழுவில் எல்லோருக்கும் பொது, அதனால் தனியாக ஒரு தொகை சொல்ல எனக்கு உரிமை இல்லை. சனிக்கிழமை, 31ஆம் தேதி, குழு கூடுகிறது. முதல் பேச்சே இதுதான். கூரியர் அலுவலகம் தங்கள் பங்குக்கு ஏதாவது தருமா என்றும் தெரியாது. பார்சல் தொலைந்தது என்று அவர்கள் எழுதித் தந்த பிறகுதான் அந்தப் பேச்சையே எடுக்க முடியும் என்கிறார்கள். அவர்கள் தந்தாலும் தராவிட்டாலும் அது எங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள விஷயம். அதற்காக உங்களைக் காக்கவைக்க மாட்டோம்.

உங்களிடமிருந்து எனக்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டும். இரண்டாவது பாயை நெய்து முடிக்கலாமா? வேண்டாம், பெண்ணுக்கு முதல் பாய்தான் வேண்டும், வராவிட்டால் பாயே இல்லாமல் நடத்திக்கொள்கிறோம் என்று நினைத்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தினால் எங்களுக்கு என்ன நட்டம் என்று யோசிக்க வேண்டாம். நாளை இரவுக்குள் ஒரு வார்த்தை வாட்ஸ்அப்பில் போட்டால் போதும். பதில் வராவிட்டால் நெசவைத் தொடரச் சொல்லிவிடுகிறேன்.

நாளையிலிருந்து தினமும் மாலை 6 மணிக்கு நானே உங்களைக் கூப்பிடுகிறேன். சொல்லப் புதிதாக எதுவும் இல்லாத நாளிலும் கூப்பிடுவேன். அந்த நேரத்தில் நீங்கள் வெளியே இருந்தால் தம்பியின் எண்ணைத் தாருங்கள், அவரிடம் சொல்லிவிடுகிறேன். பாய் கிடைத்த செய்தி வந்தால் 6 மணி வரைக்கும் காத்திருக்க மாட்டேன், உடனே அழைப்பேன்.

இப்படிக்கு,
மும்தாஜ்
அனுப்பும் பொறுப்பு, பாய் நெசவு மகளிர் குழு
பத்தமடை, திருநெல்வேலி மாவட்டம்

இணைப்பு: கூரியர் ரசீது, புகார் எண்ணுள்ள சீட்டு, தறியில் இருக்கும் பாயின் படம் (இன்று காலை எடுத்தது, ஒரு சாண் அளவுதான் ஏறியிருக்கிறது)