1998-இல் இருக்கும் எனக்கு

திருவையாறு,
18.01.2026

அன்புள்ள தம்பி,

உனக்கு இப்போது இருபத்து நான்கு வயது. அம்பத்தூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருக்கிறாய். சவூதி அரேபியாவின் ஜுபைலில் பெட்ரோகெமிக்கல் ஆலைகளுக்குப் பராமரிப்புப் பணி செய்யும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் விசா கைக்கு வந்துவிட்டது. இன்னும் சில நாளில் சென்னை, அங்கிருந்து பம்பாய், பிறகு தஹ்ரான். போகாதே என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அக்காவின் கல்யாணத்துக்காகக் கூட்டுறவுச் சங்கத்திலும் வெளியிலும் வாங்கிய கடனை, ஒன்பது மா நிலத்தின் விளைச்சலை மட்டும் நம்பி அப்பாவால் அடைத்திருக்க முடியாது. ஒரு ரியாலுக்குப் பதினோரு ரூபாய் கிடைத்த அந்தக் காலத்தில் நான் அனுப்பிய பணத்தில்தான் கடன் அடைந்தது, ஓட்டு வீட்டுக்குத் தளம் போட்டோம். பணத்தைப் பொறுத்தவரை நீ போட்ட கணக்கு சரி. ஆனால், ‘திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று எதைத் தள்ளிவைக்கலாம், எதைத் தள்ளிவைக்கக் கூடாது என்று நீ பிரித்துப் பார்க்கவில்லை. இந்த வயதில் எனக்கு இருக்கும் வருத்தமெல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

நாளை மாலை அப்பா உன்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிடுவார். பம்புசெட் தண்ணீரில் சேடை ஓட்டிக் குறுவைக்கு நாற்றங்கால் தயார் செய்துவிட்டார். ஆடுதுறை 36 விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஒரு நாள் ஊறப்போட்டு, வடித்தெடுத்து, வைக்கோலால் மூடி வைத்திருக்கிறார். முழங்கை வரை கையைச் சாக்குக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். சூடு கூடிப்போனால் முளை வெந்துவிடும், குறைந்தால் ஒன்றுபோல் முளைக்காது. ஒரு பிடி நெல்லை அள்ளி உள்ளங்கையில் பரப்பி, வெள்ளையாக எட்டிப் பார்க்கும் முளையைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, “வாயேன், தெளிச்சிட்டு வந்துடலாம்” என்பார். பெட்டி கட்ட வேண்டும் என்று சொல்லி நான் போகவில்லை. அவரும் இரண்டாம் முறை கூப்பிடவில்லை. நீ போ. பெட்டி கட்ட அரை மணி நேரம் போதும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017-இல் நிரந்தரமாக ஊர் திரும்பி, குத்தகையில் இருந்த நிலத்தை மீட்டு நானே பயிர் வைத்தபோது, என் அப்பா எத்தனை பெரிய படிப்பாளி என்பது ஒவ்வொரு போகத்திலும் எனக்குப் புரிந்துகொண்டே வந்தது. எந்த மூலையில் தண்ணீர் வடியாமல் நிற்கும், எந்த வரப்பில் நண்டு வளை அதிகம், வாய்மடையை எந்த நேரத்தில் அடைத்தால் பக்கத்து நிலத்துக்காரரோடு சண்டை வராது என்பதையெல்லாம் அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் ஊருக்கு வந்த நாட்களில் மேட்டூர் அணை திறக்கப்படுமா என்பதுதான் அவர் பேச விரும்பிய ஒரே விஷயமாக இருந்தது. ஜூன் 12 என்ற தேதி அந்த வீட்டில் தீபாவளியைவிடப் பெரிய தேதி என்பது தெரிந்திருந்தும், “இதையேதான் எப்பவும் பேசுறீங்க” என்று நான் ஒருமுறை சொன்னேன். தான் வாழ்நாள் முழுவதும் கற்ற ஒன்றைக் கைமாற்றிக் கொடுப்பதற்குத்தான் அவர் பேச்சை அங்கிருந்து தொடங்கினார் என்று இப்போது நினைக்கிறேன். வேலை செய்யத் தெரிந்த ஒரு மனிதரின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய செல்வத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அங்கே போனபின் வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசி நிலையத்தில் வரிசையில் நிற்பாய். நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு போவதால் நலம் விசாரிப்பதோடு பேச்சு முடிந்துவிடும். உண்மையான பேச்சு கேசட்டில்தான் வரும். விடுப்பில் ஊர் போய்த் திரும்புகிறவர்களிடம் அம்மா கேசட் கொடுத்தனுப்புவார். அறுபது நிமிடக் கேசட்டில் இரண்டு பக்கமும் அவர் குரல் இருக்கும்: பசு கன்று ஈன்றது, பக்கத்து வீட்டில் நடந்த சண்டை, நடுவில் பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்தோடுவது, திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடுவது. அறையில் எல்லோரும் அவற்றைக் கேட்போம். கேட்டு முடித்ததும் அதே கேசட்டின் மேல் பாட்டுப் பதிவு செய்துகொள்வது முகாமில் எல்லோருக்கும் வழக்கம், எனக்கும்தான். இன்று அம்மாவின் புகைப்படங்கள் எவ்வளவோ இருக்கின்றன. குரல் ஒரு வாக்கியம்கூட இல்லை. புதுக் கேசட்டின் விலையை மிச்சம் பிடித்து நான் இழந்தது அது.

2009-ஆம் ஆண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிந்து விடுப்புக்குப் போகும் தருணத்தில், ஓர் ஆலையை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை வரும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், கைநிறைய ஓவர்டைம். அதை முடித்துவிட்டுப் போகலாமே என்று மேற்பார்வையாளர் சொல்வார், விடுப்பைத் தள்ளிவைப்பாய். நான் தள்ளிவைத்த அந்த இரண்டு மாதத்துக்குள் அப்பா போய்விட்டார். வெளியேறும் அனுமதி வாங்கி விமானம் பிடித்து நான் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். அந்த ஓவர்டைம் பணத்தில் என்ன வாங்கினேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.

உனக்கு 2002-இல் கல்யாணம் ஆகும். அவள் பி.எஸ்ஸி. முடித்தவள், பி.எட். படித்து ஆசிரியையாக வேண்டும் என்று முதல் மாதமே உன்னிடம் சொல்வாள். அடுத்த ஒப்பந்தம் முடியட்டும் என்று நான் சொன்னேன். அப்படியே மூன்று ஒப்பந்தங்கள் போயின. பிறகு அவளாகவே முப்பத்தைந்து வயதில் சேர்ந்து படித்தாள், இப்போது ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். சாயங்காலம் வந்து, வகுப்பில் நடந்ததை அவள் சொல்லக் கேட்கும்போதெல்லாம், அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய அந்த ஆண்டுகள்தான் எனக்கு நினைவில் வரும். மகளின் மதிப்பெண் அட்டைகளைப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் ஆறாம் வகுப்பு வரை என் மைத்துனரின் கையெழுத்துதான் இருக்கிறது. அவர் அருமையான மனிதர். அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த இடம் என்னுடையது.

உடம்பைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: கோடையில் குழாய்களுக்கு நடுவே நிற்கும்போது தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடி, கல்லடைப்பு வலியைத் தவிர்க்கலாம்.

ஆகவே நீ போ, கடனை அடை. கடன் அடைந்தபின் எதற்காக அங்கே இருக்கிறோம் என்று ஒவ்வோர் ஒப்பந்தத்தின் முடிவிலும் மனைவியை வைத்துக்கொண்டு பேசி முடிவெடு. என்னைக் கேட்டால், 2007-ஆம் ஆண்டே திரும்பியிருக்கலாம். அப்பாவோடு நான்கு போகம் கிடைத்திருக்கும். விடுப்பு நாள் வந்தால் எந்த ஆலை நின்றாலும் கிளம்பு. அவளைக் கல்யாணமான ஆண்டே பி.எட்.டில் சேர்த்துவிடு, பணம் இருக்கும். நாளை காலை பெட்டி வாங்கத் தஞ்சாவூர் போகிறாய் அல்லவா, அப்படியே ஒரு டஜன் வெற்றுக் கேசட்டுகளும், அப்பா சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் வாங்கிக்கொண்டு, அவர் கொல்லைக்குக் கிளம்புவதற்குள் வீடு வந்து சேர்.

அன்புடன்,
ஐம்பத்திரண்டு வயதான நீ